புளூடூத் பிரிண்டரில் பில் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

இது மளிகை, காய்கறி, டீக்கடை போன்ற சின்னக் கடைகளில் ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் பில் செயலியிலிருந்து 2 அங்குல (58 மி.மீ) கையடக்க பிரிண்டருக்கு பில் அனுப்புவோருக்கானது. செயலி எதுவானாலும் பழுதுகள் பெரும்பாலும் இவைதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செல்ஃப் டெஸ்ட் எடுங்கள். பிரிண்டரை அணைத்துவிட்டு, பேப்பரைத் தள்ளும் FEED பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் பட்டனை அழுத்துங்கள். பேப்பர் ஓடத் தொடங்கியதும் இரண்டையும் விட்டுவிடலாம். சில மாடல்களில் பவரைப் போட்ட பிறகு FEED பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். வரும் சீட்டில் பிரிண்டரின் புளூடூத் பெயரும், பல மாடல்களில் கடவு எண்ணும், கோட்பேஜ் எனப்படும் எழுத்துத் தொகுப்புகளின் பட்டியலும் இருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், கீழே சில இடங்களில் தேவைப்படும்.

செல்ஃப் டெஸ்ட் போனின் உதவி இல்லாமல் நடப்பது. அது கறுப்பாகவும் தெளிவாகவும் வந்தால் பேப்பர், சூடாகி எழுத்தை அடிக்கும் ஹெட், மோட்டார் எல்லாம் சரி, பழுது பெரும்பாலும் போனிலோ செயலியிலோ இணைப்பிலோ இருக்கிறது. செல்ஃப் டெஸ்ட்டே வெள்ளையாகவோ மங்கலாகவோ வந்தால் போனை நோண்டிப் பயனில்லை.

## அறிகுறி 1: செயலியில் பிரிண்டர் தெரியவில்லை, அல்லது இணைப்பு கிடைக்கவில்லை

முதலில் ஒரு தவறான பயத்தைப் போக்கிவிடலாம். போனின் புளூடூத் பட்டியலில் பிரிண்டரின் பெயருக்குக் கீழே Connected என்று வராமல் Paired, Saved என்று மட்டும் இருப்பது பழுதல்ல. ஹெட்போனைப் போல இது எப்போதும் இணைப்பில் இருப்பதில்லை. செயலி பில்லை அனுப்பும் நேரத்தில்தான் இணைப்பு ஏற்படும்.

பிரிண்டர் தூங்கிவிட்டதா? பல கையடக்க மாடல்கள் சில நிமிடம் வேலை இல்லாவிட்டால் தாமே அணைந்துவிடும். விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தாலும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

வேறொரு போன் பிடித்து வைத்திருக்கிறதா? சாதாரண பிரிண்டர்கள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். கடையில் வேலை செய்பவரின் போனிலோ பழைய போனிலோ அதே செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், புதிய போனுக்கு இடம் கிடைக்காது. கடையிலுள்ள மற்ற எல்லாப் போன்களிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, பிரிண்டரையும் அணைத்துப் போட்டுப் பாருங்கள். இப்போது பில் வந்தால் காரணம் இதுதான். இரண்டு போனிலிருந்தும் பில் போட வேண்டியிருந்தால், ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் இணைப்பை விட்டுவிடும்படி செயலியில் அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இன்னொரு பிரிண்டர்தான் வழி.

அனுமதி கொடுத்திருக்கிறதா? புதிய போன் வாங்கிய மறுநாள் தொடங்கும் தொல்லை பெரும்பாலும் இதுவே. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து புளூடூத்தைப் பயன்படுத்த Nearby devices என்ற தனி அனுமதி வேண்டும். செயலி கேட்டபோது அவசரத்தில் இரண்டு முறை மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்கவே கேட்காது. Settings > Apps > உங்கள் செயலி > Permissions போய் நீங்களே திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையுள்ள போன்களில் புதிய பிரிண்டரைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதி தேவை. பல போன்களில் Location சுவிட்சும் போட்டிருக்க வேண்டும்.

இணைப்பே கெட்டுப்போயிருக்கிறதா? புளூடூத் பட்டியலில் பிரிண்டரை Forget அல்லது Unpair செய்துவிட்டு, புதிதாக இணையுங்கள். கடவு எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. இரண்டும் இல்லையென்றால் செல்ஃப் டெஸ்ட் சீட்டைப் பாருங்கள். ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிந்தால் ஒன்று பழைய வகைப் புளூடூத், மற்றது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் BLE என்ற புதிய வகை. ஆண்ட்ராய்டு பில் செயலிகள் பெரும்பாலும் பழைய வகையைத்தான் எதிர்பார்க்கும். ஒன்றில் இணைத்து வேலை செய்யாவிட்டால் அதை நீக்கிவிட்டு மற்றதை எடுங்கள். பின்பு செயலிக்குள்ளும் போய்ப் பிரிண்டரை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செயலி பழைய முகவரியையே நினைவில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கும்.

போன் ஐபோனா? பழைய வகைப் புளூடூத் மட்டுமே உள்ள மலிவுப் பிரிண்டர்களை ஐபோன் செயலிகளால் பயன்படுத்த முடியாது. BLE உள்ள பிரிண்டரும், அதை ஆதரிக்கும் செயலியும் வேண்டும். இதற்கு அமைப்பு எதையும் மாற்றிப் பயனில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வரவில்லையென்றால், RawBT போன்ற வேறொரு பிரிண்ட் செயலியிலிருந்து ஒரு சோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வந்தால் பில் செயலியின் ஆதரவுக் குழுவைக் கூப்பிட வேண்டும். அதிலும் வராமல், இரண்டு வெவ்வேறு போன்களிலும் வராமல், செல்ஃப் டெஸ்ட் மட்டும் நன்றாக வந்தால் பிரிண்டரின் புளூடூத் பலகை போயிருக்க வாய்ப்பு அதிகம். அது வாரண்டிக்கு உரிய வேலை.

## அறிகுறி 2: பேப்பர் ஓடுகிறது, எழுத்து இல்லை

ரோல் தலைகீழாக இருக்கிறது என்பதே முதல் சந்தேகம். பேப்பரின் ஒரு பக்கத்தில்தான் வெப்பத்துக்குக் கறுக்கும் பூச்சு உண்டு. இரு பக்கமும் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இரு பக்கமும் கோடு விழவில்லையென்றால் அது தெர்மல் பேப்பரே அல்ல.

பேப்பர் சரி, ஆனாலும் செல்ஃப் டெஸ்ட் வெள்ளையாக வருகிறது என்றால் ஹெட்டோ அதன் ரிப்பன் கேபிளோ காரணம். திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

செல்ஃப் டெஸ்ட் நன்றாக வந்து, செயலியிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லையென்றால், செயலியில் தேர்ந்தெடுத்திருப்பது அந்தப் பிரிண்டர்தானா என்று பாருங்கள். அடுத்ததாக, அது லேபிள் பிரிண்டரா என்று பாருங்கள். பில் செயலிகள் ESC/POS என்ற கட்டளைத் தொகுப்பில் அனுப்பும். ஸ்டிக்கர் அச்சிடும் மாடல்கள் பல TSPL போன்ற வேறு தொகுப்பை எதிர்பார்ப்பவை. இரண்டையும் தெரிந்த மாடலானால் ரசீது முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். லேபிள் மட்டும் தெரிந்ததானால் அதில் பில் வராது.

## அறிகுறி 3: இங்கிலீஷ் வருகிறது, தமிழ் மட்டும் குப்பையாக வருகிறது

தமிழ்க் கடைகளில் அதிகம் கேட்கப்படும் பழுது இதுதான். பிரிண்டரை மாற்றித் தீர்க்கப் பார்த்து ஏமாறுவதும் இதில்தான். இத்தகைய பிரிண்டர்களின் உள்நினைவில் இங்கிலீஷ், ஐரோப்பிய எழுத்துகள், பெரும்பாலும் சீன எழுத்துகள் இருக்கும். தமிழ் எழுத்துகள் இருக்காது. ஆகவே தமிழை எழுத்தாக அனுப்பினால் வராது, படமாக வரைந்து அனுப்பினால் எந்தப் பிரிண்டரிலும் வரும்.

ஆனால் குப்பை எந்த மாதிரிக் குப்பை என்று பார்ப்பது முக்கியம். பில்லில் ‘தக்காளி’ என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டு எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது த, க, புள்ளி, க, கால், ள, கொக்கி என்று 7 குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 21 பைட்.

### ??????? என்று கேள்விக்குறிகள் வருகின்றன

பெரும்பாலும் ஏழு கேள்விக்குறி இருக்கும், எண்ணிப் பாருங்கள். அப்படியென்றால் போனிலேயே தமிழ் அழிந்துவிட்டது. செயலி அதைத் தமிழ் இல்லாத ஒரு குறியீட்டுமுறைக்கு மாற்றி, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறது. பிரிண்டரில் எதை மாற்றினாலும் தமிழ் திரும்பாது.

### α«ñ போன்ற வினோதக் குறிகள் வருகின்றன

α« என்றும் α» என்றும் திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் UTF-8 என்ற குறியீட்டுமுறையில் முழுசாகப் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, பிரிண்டர்தான் ஒவ்வொரு பைட்டையும் CP437 என்ற தமிழ் இல்லாத கோட்பேஜிலுள்ள ஒரு குறியாக அடித்திருக்கிறது. ரூபாய்க் குறி ₹ இதே பிரிண்டரில் Γé╣ என்று வரும்.

### சீன எழுத்துகள் வருகின்றன

பிரிண்டர் சீன முறையில் இருக்கிறது. இரண்டு இரண்டு பைட்டாக எடுத்துச் சீன எழுத்தாக அடிப்பதால் ‘தக்காளி’ சுமார் பத்து எழுத்தாக நீளும். இதில் ஓர் ஆபத்து உண்டு. ₹ மூன்று பைட் கொண்டது. இரண்டிரண்டாக எடுக்கும்போது மிஞ்சும் மூன்றாவது பைட், பின்னால் வரும் இலக்கத்தையும் சேர்த்து விழுங்கிவிடலாம். ₹450 என்பது 50 என்று அச்சாகக்கூடும். சீன எழுத்து ஒன்றாவது தென்பட்டால், சரிசெய்யும்வரை அந்தப் பில்லை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள்.

### மூன்றுக்கும் செய்ய வேண்டியது

செயலியின் பிரிண்டர் அமைப்பில் Print as image, Graphics mode, Bitmap என்று ஏதாவது இருக்கும். அதைப் போடுங்கள். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும், பில் மட்டும் சற்று மெதுவாக வரும்.

அந்த அமைப்பு இல்லாத செயலியில் பில்லை PDF ஆகப் பகிர முடிந்தால், RawBT போன்ற செயலி வழியாக அச்சிடலாம். அது பக்கத்தையே படமாக்கி அனுப்பிவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் கூடுதலாக இரண்டு மூன்று தட்டல் ஆகும் என்பதால் கூட்டம் நிறைந்த கடைக்கு இது சரிப்படாது. அங்கே தற்காலிகமாகப் பொருள் பெயரை Thakkali என்று இங்கிலீஷ் எழுத்திலும், ₹ குறிக்குப் பதில் Rs. என்றும் வைத்துக்கொள்வதே மேல்.

இங்கிலீஷ் மட்டும் போதும், சீனக் குறிகள் நின்றால் சரி என்பவர்களுக்கு: பில்லின் தொடக்கத்தில் கட்டளை சேர்க்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் இந்த மூன்றையும் இதே வரிசையில் சேர்க்கலாம். முதலாவது பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும், இரண்டாவது சீன முறையை விலக்கும், மூன்றாவது கோட்பேஜை 0 ஆக்கும்.

```
1B 40
1C 2E
1B 74 00
```

செயலி எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. படமாக்கும்போது பத்திகளை இடைவெளி எழுத்தால் நிரப்பி ஒழுங்குபடுத்தாதீர்கள். ‘தக்காளி’யின் நீளம் 7 என்று நிரல் சொல்லும், அச்சில் அது நான்கு எழுத்து அகலம். தொகைப் பத்தி வரிக்கு வரி கோணிப்போவது இதனால்தான். 58 மி.மீ பிரிண்டரின் 384 புள்ளி அகலத்தில் பொருள் பெயரை இடது ஓரத்திலும், தொகையை வலது ஓரத்திலிருந்து அளந்தும் வரைந்துவிட்டால் எந்தச் சொல் வந்தாலும் நேராக நிற்கும்.

## அறிகுறி 4: பாதி பில் வருகிறது, பிறகு நிற்கிறது அல்லது குப்பை கொட்டுகிறது

எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும். முதலில் 5 பொருள் உள்ள ஒரு பில்லும், பிறகு 40 பொருள் உள்ள ஒரு பில்லும் எடுத்துப் பாருங்கள்.

விளக்கு அணைந்து திரும்ப எரிகிறது. பேட்டரி. அச்சாகும் கணத்தில் ஹெட் இழுக்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் பிரிண்டர் மறுதொடக்கம் ஆகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். பில்லின் தலையில் பெரிய கறுப்பு லோகோ இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரே வரியில் நிறையப் புள்ளிகள் கறுக்கும்போதுதான் இழுப்பு அதிகம். முழு சார்ஜிலும் இப்படியே ஆனால் பேட்டரி மாற்ற வேண்டும்.

கடைசி ஒன்றிரண்டு வரி மட்டும் வரவில்லை. அந்த வரிகள் அடுத்த பில்லின் தலையில் வந்தால், கடைசி வரிக்குப் பிறகு வரிமாற்றம் அனுப்பப்படவில்லை, அது பிரிண்டரின் நினைவிலேயே தங்கிவிட்டது. பேப்பரில் அடிபட்டு, கிழிக்கும் பல்லுக்கு உள்ளேயே நின்றுவிட்டால், செயலியில் Feed lines என்ற அமைப்பை 3 அல்லது 4 ஆக வையுங்கள். எங்கும் வராமலே போனால், அனுப்பி முடித்த கையோடு செயலி இணைப்பைத் துண்டிக்கிறது.

சின்னப் பில் வருகிறது, நீளமான பில்லில் நடுவில் குப்பை எழுத்து. படமாக அனுப்பும் முறைக்கு மாறிய பிறகு அதிகம் வரும் பழுது. 40 வரிப் பில்லை எடுத்துக்கொள்வோம். வரிக்கு 30 புள்ளி உயரம் வைத்தால் மொத்தம் 1,200 புள்ளி. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்பதால் அது 150 மி.மீ நீளம். ஒரு புள்ளி வரிசைக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். ஆக மொத்தம் 57,600 பைட். இதே பில் இங்கிலீஷ் எழுத்தாகப் போனால் வரிக்கு 32 எழுத்து, சுமார் 1,300 பைட்தான். போன் வேகமாகத் தள்ள, பிரிண்டர் அச்சிட்டு முடிக்காமல் அதன் சிறிய நினைவு நிரம்பி வழிகிறது. நடுவில் சில பைட் தொலைந்ததும் படத்தின் மிச்சத்தை எழுத்து என்று எண்ணி அடிக்கத் தொடங்குகிறது.

இதற்கு ஓர் உறுதியான அடையாளம் உண்டு. குப்பை வந்த பில்லுக்கு அடுத்த பில்லில் தலைப்பகுதி காணாமல் போனால், பிரிண்டர் தொலைந்த பைட்டுகளுக்காகக் காத்திருந்து புதுப் பில்லை விழுங்கியிருக்கிறது. அணைத்துப் போட்டால் அப்போதைக்குத் தெளியும்.

கடைக்காரர் செய்யக்கூடியது, செயலியில் Print speed, Delay, Chunk size போன்ற அமைப்பு இருந்தால் வேகத்தைக் குறைப்பது. எழுத்து உயரத்தைக் குறைத்தாலும் பைட் குறையும். செயலி எழுதுபவர் படத்தை 24 வரிசைப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்புக் கட்டளையோடு அனுப்ப வேண்டும்:

```
1D 76 30 00 30 00 18 00
```

இதில் 30 00 என்பது 48 பைட் அகலம், 18 00 என்பது 24 வரிசை. இதன் பின்னால் சரியாக 1,152 பைட் வர வேண்டும். ஒரு பட்டை 3 மி.மீ உயரம். நொடிக்கு 50 மி.மீ அடிக்கும் பிரிண்டருக்கு அது 60 மில்லிநொடி வேலை. ஆகவே இடைவெளியும் அவ்வளவே:

```
for (strip in strips) {
    out.write(strip)
    out.flush()
    Thread.sleep(60)
}
Thread.sleep(800)
socket.close()
```

40 வரிப் பில் 50 பட்டையாகும், மூன்று நொடி இடைவெளியிலேயே போகும். பிறகும் குப்பை வந்தால் 60-ஐ 100 ஆக்குங்கள். எந்த மாடலுக்கு எது போதும் என்பதை நீளமான பில்லில்தான் சோதிக்க வேண்டும், 5 பொருள் பில் எப்போதும் நன்றாகவே வரும்.

## அறிகுறி 5: தொகை அடுத்த வரிக்குத் தாவுகிறது, அல்லது வலப்பக்கம் வெட்டுப்படுகிறது

செயலியில் பேப்பர் அளவு 80 மி.மீ என்று இருக்கிறது. 58 மி.மீ பிரிண்டர் வழக்கமான எழுத்தில் வரிக்கு 32 எழுத்து அடிக்கும், 80 மி.மீ பிரிண்டர் 48. எழுத்தாகப் போகும் பில்லில் மிஞ்சிய 16 எழுத்து கீழே இறங்கும். படமாகப் போகும் பில்லில் 576 புள்ளிப் படத்தின் வலப்பக்க மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும், தொகை இருப்பது அங்கேதான். 58 மி.மீ, 2 inch, 32 columns, 384 dots என்று செயலி எப்படிக் கேட்டாலும் எல்லாம் ஒரே அளவைத்தான் சொல்கின்றன.

பேப்பர் அகலம் 57 அல்லது 58 மி.மீ என்றாலும் அச்சாகும் இடம் 48 மி.மீ மட்டுமே. இரு ஓரத்திலும் சற்று வெள்ளை இருப்பது இயல்பு.

## அறிகுறி 6: அச்சு மங்கல், அல்லது மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு

முழு பில்லும் மங்கல் என்றால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், பிறகு வேறு கடையில் வாங்கிய ரோலைப் போட்டுப் பாருங்கள், பிறகு செயலியில் Density இருந்தால் ஒரு படி கூட்டுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மட்டமான பேப்பருக்காக வெப்பத்தைக் கூட்டி வைத்தால் பேட்டரியும் ஹெட்டும் சீக்கிரம் தேயும்.

எல்லாச் சீட்டிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் அந்த இடத்தில் ஹெட்டில் அழுக்கு ஒட்டியிருக்கும். பிரிண்டரை அணைத்து, சற்று முன் அச்சிட்டிருந்தால் ஆறவிடுங்கள். மூடியைத் திறந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டின் நீளமான கோட்டை ஒரே திசையில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பிளேடு, நகம், தண்ணீர் எதுவும் படக்கூடாது. இரண்டு முறை துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளிகள் எரிந்துவிட்டன, ஹெட்டைத்தான் மாற்ற வேண்டும். அதற்கான கூலியையும் பொருள் விலையையும் முதலில் கேட்டு, புதுப் பிரிண்டரின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். கோடு தொகைப் பத்தியில் விழாமல் ஓரமாக இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

பேட்டரி உப்பி மூடியைத் தள்ளினால் மட்டும் ஒரு பில்கூட அடிக்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். குத்தாமல், அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு, பிரிண்டரின் அடியில் அச்சிட்டுள்ள மாடலையும் வோல்ட்டையும் காட்டி அதே அளவு பேட்டரியை வாங்குங்கள். சார்ஜரும் அங்கே எழுதியிருக்கும் வோல்ட்டுக்குப் பொருந்த வேண்டும், முள் பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரைச் செருகக் கூடாது.